22 வெள்ளி மாதப் பெட்டி: கணக்கில் விடுபட்டவை

கேள்வி: முறுக்கு, தட்டை, ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா, காராசேவ் என்று ஐந்து பொட்டலம் வைத்து, மாதம் ஒரு பெட்டி 22 வெள்ளிக்கு வீட்டுக்கே அனுப்புகிறேன். மாதம் 40 பெட்டி போகிறது. பலகாரத்துக்கு 9 வெள்ளிதான் செலவு. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் பெட்டி பாதி விலை. ஆறு மாதமாகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறது?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: உங்கள் தாளில் உள்ள எண்களையே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்போம்.

பலகாரம் 9 வெள்ளி. பை, அட்டைப்பெட்டி, இடைவெளி அடைக்கும் காகிதம், ஒட்டுச்சீட்டு, டேப் எல்லாம் சேர்ந்து 2.10. வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்க்க கூரியருக்கு 3.80. வங்கி அட்டையில் பணம் வாங்குவதற்கான அட்டைக் கட்டணமாக 3.4 விழுக்காடும் அதன்மேல் 50 காசும் பிடிக்கிறார்கள். 22 வெள்ளிக்கு அது 1.25. ஆக 16.15 போய்விட்டது, மீதி 5.85. நீங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த மூன்று செலவுகளும் உங்கள் தாளிலேயே இருக்கின்றன, ஆனால் பெட்டி விலையோடு சேராமல் தனியே கிடக்கின்றன.

முதலாவது, நொறுங்கிப்போனதற்காக மாதம் இரண்டு பெட்டி மறுபடி அனுப்புகிறீர்கள். ஒன்றுக்கு 14.90. அதை 40 பெட்டியிலும் பரப்பினால் பெட்டிக்கு 75 காசு. இரண்டாவது, சமையலுக்குச் சொன்ன பிறகு ரத்து செய்பவர்களால் மாதம் நான்கு பெட்டிப் பலகாரம் மிஞ்சுகிறது. 36 வெள்ளி, அதாவது பெட்டிக்கு 90 காசு. இப்போது மீதி 4.20.

மூன்றாவதுதான் உங்களைச் சாய்க்கிறது. ஒருவரைச் சேர்க்க விளம்பரத்துக்கு 8 வெள்ளி, பாதி விலைச் சலுகையில் 11 வெள்ளி, மொத்தம் 19 வெள்ளி. அவர் எத்தனை பெட்டி வாங்குகிறாரோ அத்தனையில் இதை வகுக்க வேண்டும். “மாதம் 40 பேரில் 5 பேர் விலகுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பினால் ஒருவர் சராசரியாக எட்டு மாதம் இருப்பதாகத் தோன்றும். அந்த எண் ஏமாற்றும். நிலையாக இருக்கும் பழைய ஆட்களையும் முதல் மாதமே ஓடும் புதியவர்களையும் அது ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை மட்டும் தனியே பின்தொடருங்கள். உங்கள் தாளின்படி ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 20 பேர். அடுத்தடுத்த மாதங்களில் பணம் கட்டியவர்கள் 13, 10, 9, 7, 7. கூட்டினால் 66 பெட்டி; 20 ஆல் வகுத்தால் ஆளுக்கு 3.3 பெட்டி. எஞ்சிய 7 பேர் இனியும் வாங்குவார்கள், அது வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய நிலையில் 19 வெள்ளியை 3.3 ஆல் வகுத்தால் பெட்டிக்கு 5.76. உங்களிடம் இருப்பதோ 4.20. ஒவ்வொரு பெட்டியிலும் 1.56 நட்டம், அதுவும் உங்கள் உழைப்புக்கு ஒரு காசு போடாமல்.

உழைப்பைப் போடத்தான் வேண்டும். வீவக வீட்டுத் தொழில் விதிப்படி அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்யலாம், வெளியாளைக் கூலிக்கு வைக்க முடியாது. பெட்டிக்கு 15 நிமிடம், மணிக்கு 12 வெள்ளி என்று வைத்தாலும் 3 வெள்ளி ஆகிறது.

இனி திருத்தம். பாதி விலைப் பெட்டியை இந்த மாதமே நிறுத்துங்கள். அந்தச் சலுகைக்காக வருபவர்தான் இரண்டாம் மாதம் முதலில் போகிறார். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நான்காம் பெட்டியில் ஒரு பொட்டலம் கூடுதலாக வையுங்கள். ரத்து செய்ய 20ஆம் தேதி கடைசி, 21ஆம் தேதி பணம் எடுப்பது, 24ஆம் தேதி சமையலுக்குச் சொல்வது, மறுமாதம் முதல் தேதி அனுப்புவது என்று வரிசையை மாற்றுங்கள். நடுவில் உள்ள மூன்று நாள், காலாவதியான அட்டைகளுக்காக. பணம் எடுக்க முடியாதவர்களுக்கு அன்றே செய்தி அனுப்பிப் புது அட்டை எண் கேளுங்கள். விலக நினைக்காமலே விலகிப் போகிறவர்கள் இவர்கள்தான், பாதிப் பேரையாவது திரும்பப் பிடிக்கலாம். இந்த வரிசையில் மிச்சப் பலகாரம் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

அப்போது பலகாரம், பொதிவு, கூரியர், மறுபடி அனுப்புவது எல்லாம் 15.65. உழைப்பு 3. விளம்பரம் 8ஐ 3.3 ஆல் வகுத்தால் 2.42. லாபம் 3 வெள்ளி. கூட்டினால் 24.07. அட்டைக் கட்டணத்தை மேலே ஏற்ற, 50 காசைக் கூட்டி, 3.4 விழுக்காடு போக மிஞ்சும் 0.966 ஆல் வகுங்கள்: 25.43. ஆகவே உங்கள் விலை 26 வெள்ளி. இப்போது இருப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

நொறுங்குவதைப் பற்றி ஒன்று. பொட்டலத்துக்குள் காற்று இருக்கலாம், பெட்டிக்குள் இடைவெளி இருக்கக் கூடாது. கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் ஒவ்வொரு முறை போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். இன்னொன்றை ஒரு வாரம் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டை அதற்குள் நமத்துப் போயிருக்கும்; அலுமினியப் பூச்சுப் பைக்கு ஆகும் கூடுதல் காசு அதனால்தான்.

கேள்வி: மாதப் பெட்டியை ரத்து செய்ய மறந்துவிட்டேன். மூன்று மாதம் பணம் போய்விட்டது. பெட்டிகளைத் திறக்கவே இல்லை. திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்களா?
— ஈசூன்

பதில்: தர மாட்டார்கள். விற்றவர் சமைத்து, கட்டி, கூரியருக்கும் கொடுத்துவிட்டார். மூன்று முறை வங்கிக் கணக்கில் பணம் குறைந்தும் நீங்கள் பார்க்கவில்லை. இன்றே ரத்து செய்து, ரத்தானதற்கான செய்தியைச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: “இலவச டெலிவரி” என்று ஒரு பலகாரப் பெட்டி வாங்குகிறேன். விலை மாறவில்லை, ஆனால் பொட்டலங்கள் சிறுத்துவிட்டன. என் பிரமையா?
— செங்காங்

பதில்: பிரமை இல்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் பழைய பொட்டலத்தில் 100 கிராம், புதியதில் 80 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. ஐந்து பொட்டலம் உள்ள பெட்டி 22 வெள்ளி என்பதால் முன்பு 100 கிராமுக்கு 4.40 கொடுத்தீர்கள், இப்போது 5.50 கொடுக்கிறீர்கள். நான்கில் ஒரு பங்கு விலையேற்றம், சொல்லாமல் நடந்தது.

“இலவச டெலிவரி” என்ற சொல்லை நான் பல வருடமாக எதிர்த்து வருகிறேன். மாடி ஏறி வருபவருக்கு யாரோ கூலி கொடுத்தே ஆக வேண்டும். அந்த 3, 4 வெள்ளியை விலையில் காட்டாத விற்பனையாளர், கூரியர் கட்டணம் ஏறும் நாளில் மாட்டிக்கொள்கிறார். இலவசம் என்று சொல்லிவிட்டதால் அதை ஏற்ற முடியாது, பெட்டி விலையை ஏற்றினால் ஆட்கள் விலகுவார்கள். கை வைக்க மிஞ்சுவது பொட்டலம் மட்டும்தான். 18 வெள்ளி பலகாரம், 4 வெள்ளி டெலிவரி என்று பிரித்துக் காட்டும் கடைக்கு இந்த நெருக்கடி கிடையாது. கூரியர் ஏறினால் 4 என்பது 4.50 ஆகும், உங்கள் தட்டைக்கு ஒன்றும் ஆகாது. நானும் ஒரு முறை இலவசம் என்ற சொல்லுக்காகவே ஒரு பெட்டியில் சேர்ந்து, கடைசியில் பாதிப் பெட்டி காகிதத் துணுக்காக வரும்வரை தொடர்ந்தேன்.

முன்பே பொதிந்த உணவில் நிகர எடை அச்சிட வேண்டும் என்பது இங்கே விதி. மாதா மாதம் அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் இன்னமும் 100 கிராம் என்று இருந்தால் அதைப் படம் பிடித்து, வித்தியாசத்தைக் கேளுங்கள். பொய்யான விவரம் கொடுத்து விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி நியாயமற்ற செயல்.

கேள்வி: சிறுவர் கைவினைப் பெட்டி, மாதம் 28 வெள்ளி. ஆறு மாதம் முன்பணம் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம்?
— ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்களுக்கு மிச்சமாவதைத் தாண்டக் கூடாது. அட்டைக் கட்டணத்தில் ஐந்து முறை 50 காசு, அதாவது 2.50 மிச்சம். விலகல் இல்லாததால் மணியும் நூலும் சரியான எண்ணிக்கையில் வாங்கலாம், அது இன்னும் சில வெள்ளி. 168 வெள்ளிக்கு 8 வெள்ளி குறையுங்கள், போதும். கைவினைப் பொருள் கெட்டுப்போகாது என்பதால் மிஞ்சியதை அடுத்த பெட்டியில் சேர்க்கலாம், பலகாரக்காரருக்கு இல்லாத வசதி இது. வாங்கிய முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பெட்டி அனுப்பிய மாதத்துக்கு மட்டும் எடுங்கள். அனுப்பாத பெட்டியின் பணம் இன்னும் வாடிக்கையாளருடையது.

கேள்வி: வீட்டிலிருந்து விற்பவர் பில்லில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்திருக்கிறார். சரியா?
— பிடோக்

பதில்: ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருந்தால் மட்டுமே. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாதவர் பதிவு செய்யத் தேவையில்லை, பதிவு இல்லாதவர் அந்த வரியைக் கேட்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் அங்கேயே புகார் கொடுங்கள்.

கேள்வி: 12 மாதத்துக்கு 240 வெள்ளி கட்டினேன். மூன்று பெட்டி வந்தது. இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை, செய்திக்கும் பதில் இல்லை. அம்மாவுக்காக வாங்கியது. ஏமாந்துவிட்டேனா?
— உட்லண்ட்ஸ்

பதில்: வருத்தமாக இருக்கிறது. பணம் கட்டிய உங்கள்மேல் தவறில்லை. பெட்டிக்கு 20 வெள்ளி என்ற விலையில், இன்று நடக்கும் செலவுக்கு நாளைய முன்பணத்தை எடுத்திருப்பார்கள். புதிதாகச் சேர்பவர்கள் குறைந்த மாதத்தில் அது நின்றுவிடும்.

அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியை அழைத்து, பொருள் வரவில்லை என்று சொல்லிக் கட்டணத்தை மறுத்துப் பதியச் சொல்லுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கூடவே விற்பனையாளருக்கு மின்னஞ்சலில், வராத ஒன்பது பெட்டிக்கான 180 வெள்ளியை 14 நாளுக்குள் திருப்பித் தரும்படி தேதி போட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும், அல்லது நேராகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மனுவை இணையத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மனுவில் விற்பவரின் பதிவுப் பெயர் சரியாக இருக்க வேண்டும், கடையின் சமூக ஊடகப் பெயர் போதாது. பேநவ் மூலம் கட்டியிருந்தால் ரசீதில் வணிகப் பதிவு எண்ணான யுஇஎன் இருக்கலாம். அதை வைத்து பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் பெயரும், நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதும் தெரியும். தனியார் நிறுவனமாகப் பதிந்து மூடிவிட்டிருந்தால் தீர்ப்பு கிடைத்தும் பணம் வருவது கடினம். தனிநபர் வணிகம் என்றால் உரிமையாளரே பொறுப்பு. அந்தத் தேடலை முதலில் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.