தோசைக்கல்லில் பர்கர்: மெல்லிசா, தடிசா?

கேள்வி: குன்னூரில் வீட்டிலேயே மாட்டுக்கறி பர்கர் செய்து பார்க்கிறேன். தடிமனாகத் தட்டிப் போட்டால் வெளியே கருகிவிடுகிறது, உள்ளே சிவப்பாகவே நிற்கிறது. ஸ்மாஷ் பர்கர் மாதிரி காய்ந்த கல்லில் நசுக்கிச் சுட்டால் சரியாகுமா? எத்தனை நிமிடம்? உள்ளே சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

சரியாகும். நானும் அதில் அடிபட்டவன்தான். கோத்தகிரியில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். ஒரு டிசம்பர் மாலை ஆறு பேருக்குத் தடித்தடியாகப் போட்டுக் கொடுத்தேன். மேலே பார்க்க நல்ல பழுப்பு. அண்ணன் மகன் ஒரு கடி கடித்துவிட்டு, "சித்தப்பா, நடுவுல பச்சையா இருக்கு" என்றான். கறியில் குத்தும் தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பார்த்தால் 48 டிகிரி. ஆறையும் திரும்ப வாங்கி மூடி போட்டு வேகவைத்தேன். விருந்தினர் சிரித்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள், எனக்குத்தான் முகம் போய்விட்டது.

(பர்கருக்குள் வைக்கும் கறித் தட்டைப் பாட்டி என்று எழுதினால் கிழவி வருகிறாள், பேட்டி என்று எழுதினால் நிருபர் வருகிறார். அதனால் இங்கே 'வில்லை' என்றே எழுதுகிறேன்.)

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முழுத் துண்டாக வாட்டும் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், மேலே நன்றாகச் சூடு பட்டால் செத்துவிடும். கைமா அப்படியில்லை. அரைக்கும்போது மேலே இருந்தது எல்லாம் உள்ளே கலந்துவிடுகிறது. ஆபத்தான ஈ.கோலை வகைகளும் அதில் இருக்கலாம். அதனால் மாட்டுக்கறி கைமாவுக்கு நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொடவேண்டும், கோழிக் கைமாவுக்கு 74. நிறத்தை நம்பாதீர்கள். சில கறி 71 வருவதற்கு முன்பே பழுப்பாகிவிடும், சில கறி 71 தாண்டியும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சிவப்பை விட்டுவைக்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுகிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி கனம். அடைக்கும் பேப்பர் ரோஸ்ட்டுக்கும் ஒரே தீ வைப்போமா? கனம் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். 60 கிராம் உருண்டையை 11 சென்டிமீட்டர் அகலத்துக்கு நசுக்கினால் கனம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். 160 கிராமை 10 சென்டிமீட்டர் வட்டமாகத் தட்டினால் அது 2 சென்டிமீட்டர். மெல்லியதில் மேலே மொறுமொறுப்பு வருவதற்குள் உள்ளே வெந்துவிடும். தடித்ததை அதே அனலில் போட்டால் மேலே கருகும்போது உள்ளே பச்சையாகவே இருக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அரைக் கிலோ கைமாவுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கடையில் அரைத்து வைத்ததை வாங்காமல் நெஞ்சுக்கறியாகப் பார்த்து, கண் முன்னால் அரைத்துத் தரச் சொல்வேன். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கவேண்டும். நம்மூர்க் கறி பெரும்பாலும் வறண்டது, அதனால் கொழுப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டியிருக்கும். அதை எட்டு உருண்டைகளாக உருட்டி ஃபிரிட்ஜில் வைப்பேன். உப்பைக் கைமாவோடு பிசையக்கூடாது. பிசைந்தால் புரதம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். கல்லில் நசுக்கிய பிறகு மேலே தூவினால் போதும்.

கனமான இரும்புத் தோசைக்கல்லைப் பெரிய தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் சொய்யென்று படராமல் முத்து முத்தாக உருண்டு ஓடவேண்டும். தோசைக்கு அதன் பிறகு கல்லைத் தண்ணீர் விட்டு ஆற்றுவோம், இங்கே ஆற்றக்கூடாது. எண்ணெயும் வேண்டாம், கறி கல்லில் ஒட்டினால்தான் பழுப்பு பிடிக்கும். நான்ஸ்டிக்கில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வெறும் சட்டியாக அவ்வளவு காய்ந்தால் அந்தப் பூச்சு கெட்டுப் புகை விடும்.

உருண்டையை வைத்ததும் மேலே பட்டர் பேப்பர் போட்டு, தட்டையான கனத்த சட்டியால் பத்து விநாடி அழுத்துங்கள். அழுத்துவதெல்லாம் முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது. பிறகு அழுத்தினால் உருகிய கொழுப்பும் சாறும் வெளியே ஓடி, கையில் சக்கைதான் மிஞ்சும். ஒன்றரை நிமிடத்தில் ஓரம் சல்லடை மாதிரி பழுத்திருக்கும், மேலே சிவப்பு அடங்கிச் சாறு முத்திட்டிருக்கும். கூர்மையான தோசைக்கரண்டியால் கல்லோடு சேர்த்துச் சுரண்டி எடுத்துத் திருப்புங்கள். பழுத்த தோல் கல்லிலேயே தங்கிவிட்டால் பாதி ருசி போனது போலத்தான். திருப்பியபின் முக்கால் நிமிடம், சீஸ் வைப்பதானால் அப்போதே. இவ்வளவு மெல்லியதில் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் செருகுவது சிரமம். முதல் ஈட்டில் இரண்டு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவே செருகிப் பாருங்கள். 71 காட்டினால் அன்றைக்கு அதே நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

மலையில் இருப்பதால் ஒரு தொல்லை உண்டு. ஜனவரி மாலையில் பாதி தீர்ந்த சிலிண்டரில் கேஸ் சரியாக ஆவியாகாது, தீ சோம்பிவிடும். குளிர்ந்த நான்கு வில்லைகளை ஒன்றாகப் போட்டால் கல் ஆறிப்போய்க் கறி வாட்டப்படாமல் தன் சாற்றிலேயே வேகும். சாம்பல் நிறமும் சொதசொத சத்தமும் அதற்கு அடையாளம். நான் இரண்டிரண்டாகத்தான் போடுவேன். ஒவ்வோர் ஈட்டுக்கும் நடுவே கல்லைச் சுரண்டிவிட்டு இரண்டு நிமிடம் காயவிடுவேன்.

தடிசுதான் பிடிக்கும் என்றால் அதை விடவேண்டாம், தீயை மாற்றுங்கள். நடுவில் பெருவிரலால் ஒரு குழி வைத்தால் உப்பி உருண்டையாகாது. நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கடைசி மூன்று நான்கு நிமிடம் மூடி போடலாம். மூடியால் மேல்தோலின் மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பக்கவாட்டிலிருந்து சரியாக நடு வரை தெர்மாமீட்டரைச் செருகி 71 வந்த பிறகே இறக்குங்கள். இதில் கடிகாரத்தை நம்பமுடியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததற்கும் வெளியே இருந்ததற்கும் நிமிடக் கணக்கில் வித்தியாசம் வரும்.

புதிதாக தெர்மாமீட்டர் வாங்கினால் கொதிக்கும் தண்ணீரில் சோதித்துவிட்டு, 100 காட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நான் ஒரு தடவை போனேன். ஐஸ் நிறைய போட்ட தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள், அது எந்த ஊரிலும் சரியாக வரும்.