சேமிக்காமல் நின்றுபோன வீடியோவை மீட்பது எப்படி?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயாவின் சதாபிஷேகத்தை என் ஆண்ட்ராய்டு போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் ‘இடமில்லை’ என்று காட்டி, போன் உறைந்து அணைந்துவிட்டது. திரும்ப இயக்கினால் கேலரியில் அந்த வீடியோவே இல்லை. ஆனால் போனில் இடம் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. நான்கு நாட்கள் ஆகிவிட்டன. கடையில் கேட்டால் ‘போனது போனதுதான்’ என்கிறார்கள். அப்பத்தா பேசியது அதில் மட்டும்தான் இருக்கிறது. வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் வரி, போனில் இடம் இன்னும் நிறைந்தே இருக்கிறது என்பது. வீடியோ அழிந்திருந்தால் அந்த இடம் காலியாகியிருக்கும். கோப்பு உள்ளே இருக்கிறது, கேலரிக்குத்தான் அது தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு கெடு இருக்கிறது. அதனால் இன்றே வேலையைத் தொடங்குங்கள்.

ஆண்ட்ராய்டு 11 முதல், பல போன்களில் பதிவாகிக்கொண்டிருக்கும் வீடியோவுக்கு `.pending-` என்று தொடங்கும் தற்காலிகப் பெயர் வைக்கப்படுகிறது. பதிவு முறைப்படி முடிந்ததும் அந்தப் பெயர் மாறி, வீடியோ கேலரிக்கு வரும். முடியாமல் நின்றுவிட்டால் கோப்பு மறைவாகவே கிடக்கும். வழக்கமாக ஏழு நாட்கள் கழிந்ததும், போன் சும்மா இருக்கும் வேளையில் ஆண்ட்ராய்டே அதை அழித்துவிடும். பெயரில் `.pending-` என்பதை அடுத்து வரும் பத்து இலக்க எண் அந்தக் கெடு நேரத்தையே குறிக்கிறது. நான்கு நாட்கள் போய்விட்டதால் உங்களுக்கு மூன்று நாட்கள் இருக்கின்றன. அதுவரை இடத்தைக் காலி செய்து தருவதாகச் சொல்லும் எந்தச் செயலியையும் ஓட்டாதீர்கள். தேவையற்றது என்று அவை முதலில் தூக்கி எறிவது இப்படிப்பட்ட கோப்புகளைத்தான்.

கோப்பைக் கணினிக்கு நகலெடுப்பதே முதல் வேலை. வெறுமனே கேபிளை மாட்டித் திறந்தால் மறைந்த கோப்புகள் பெரும்பாலும் தென்படாது. போனில் டெவலப்பர் வசதிகளுக்குள் இருக்கும் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு, கணினியில் `adb` என்ற இலவசக் கருவியை நிறுவி, இப்படிக் கேளுங்கள்:

```
adb shell ls -la /sdcard/DCIM/Camera
adb pull /sdcard/DCIM/Camera/.pending-1712292300-VID_20240329_101500.mp4 broken.mp4
```

முதல் வரி பட்டியலைக் காட்டும். இரண்டாவது வரியில் நான் எழுதியிருக்கும் பெயர் உதாரணம்தான். உங்கள் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே இடுங்கள். கோப்பு கணினிக்கு வந்ததும் அதன் அளவைப் பாருங்கள். ஃபுல் ஹெச்டி, நொடிக்கு 30 படங்கள் என்ற அமைப்பில் பல போன்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் எழுதுகின்றன. நீங்கள் 20 நிமிடம் எடுத்திருந்தால் 2.6 ஜிகாபைட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அதை ஒட்டிய அளவு இருந்தால், கடைசிச் சில நொடிகள் தவிர மற்றவை எழுதப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

அடுத்து, எது பழுது என்று பார்க்க வேண்டும். `ffmpeg` என்ற இலவசக் கருவியை நிறுவி, அதனுடன் வரும் `ffprobe` கொண்டு `ffprobe broken.mp4` என்று இட்டால் `moov atom not found` என்று வரும் என எதிர்பார்க்கிறேன். அந்தச் செய்தியைக் கண்டு பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது நல்ல செய்தி. எம்பி4 கோப்பில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. `mdat` என்பதில் படமும் ஒலியும் துண்டு துண்டாக, இடைவெளியே இல்லாமல் அடுக்கப்படும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நொடியில் காட்ட வேண்டும் என்ற விவரமெல்லாம் `moov` பகுதியில் இருக்கும். போன் இதைப் பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகிறது. அறை நிறையச் சாமான் அடுக்கிவிட்டு, பட்டியல் எழுதுவதற்குள் விளக்கு அணைந்தது போன்ற நிலை இது. அதனால்தான் கோப்பின் பெயரை மாற்றுவதாலோ, வேறு பிளேயரில் திறந்து பார்ப்பதாலோ, கன்வெர்ட்டரில் கொடுப்பதாலோ ஒன்றும் நடப்பதில்லை. அவை எல்லாமே அந்தப் பட்டியலைத் தேடித்தான் போகின்றன.

ஒரு சோதனை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். `HxD` போன்ற ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து, நடுவிலும் கடைசிப் பகுதியிலும் பல இடங்களில் பாருங்கள். எண்கள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் படம் உயிரோடு இருக்கிறது. பக்கம் பக்கமாக `00` மட்டுமே இருந்தால், அளவைக் குறித்துக்கொண்ட போன் உள்ளடக்கத்தை எழுதுமுன் அணைந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை எந்தக் கருவியாலும், எந்தக் கட்டணத்துக்கும் மீட்க முடியாது.

பட்டியலைத் திரும்ப எழுத `untrunc` என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு ஒரு துணை வேண்டும்: அதே போனில் எடுத்த, நன்றாக ஓடும் இன்னொரு வீடியோ. படத்தை எப்படி விரித்துக் காட்ட வேண்டும் என்ற அடிப்படை அளவுருக்கள் தொலைந்துபோன `moov` பகுதியில்தான் இருந்தன. அவற்றை அந்த மாதிரி வீடியோவிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். ஆகவே வேலை சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் மாதிரியைப் பொறுத்தது. அதே கேமரா செயலி, அதே லென்ஸ், அதே அளவு, அதே பட வேகம் இருக்க வேண்டும். அமைப்பில் `HEVC` என்ற வீடியோ சுருக்க முறை அன்று இயங்கியிருந்தால் மாதிரியிலும் இயங்க வேண்டும். போனைக் கிடையாகப் பிடித்து எடுத்திருந்தால் மாதிரியையும் கிடையாகவே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்ட படம் சாய்ந்து நிற்கும். அன்று காலையில் அதே போனில் முகப்பிலோ வளவிலோ எடுத்த சிறு வீடியோ ஒன்று இருந்தால் அதைவிடச் சிறந்த மாதிரி இல்லை. ஒன்றிரண்டு நிமிடம், பேச்சும் அசைவும் உள்ளதாக இருந்தால் போதும். வாட்ஸ்ஆப்பில் போய் வந்த வீடியோவை மாதிரியாக வைக்காதீர்கள். அது சுருக்கி மறுபடி உருவாக்கப்பட்டது, உங்கள் கேமராவின் அளவுருக்கள் அதில் இருக்காது.

```
untrunc good.mp4 broken.mp4
```

முதலில் நல்ல கோப்பு, பிறகு பழுதான கோப்பு. வரிசை மாறக் கூடாது. முடிந்ததும் பெயரில் `_fixed` என்று சேர்ந்த புதுக் கோப்பு கிடைக்கும், மூலக் கோப்பு தொடப்படாது. பாதியில் நின்றுவிட்டால் `untrunc -s good.mp4 broken.mp4` என்று முயலுங்கள். புரியாத துண்டுகளைத் தாண்டிக்கொண்டு அது முன்னேறும். சில நிமிடங்கள் மட்டும் மீண்டு மற்றவை கட்டம் கட்டமாகச் சிதைந்தாலோ, படம் நன்றாக இருந்து ஒலி மட்டும் கரகரவென்று வந்தாலோ, பெரும்பாலும் குற்றம் மாதிரியில் இருக்கும். வேறொரு மாதிரியை எடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

இதுவரை உள்ளதைப் பலர் செய்துவிடுவார்கள். இதற்குப் பிறகு வரும் சிக்கலில்தான் கைவிடுகிறார்கள்: படமும் பேச்சும் ஒட்டாமல் போவது. கண்டனூர் வீட்டுத் திருமணப் பதிவு ஒன்று என்னிடம் வந்தபோது இதையே பார்த்தேன். மீண்ட கோப்பில் ஒலி 22 நிமிடம் 40 நொடி ஓடியது. படமோ 20 நிமிடம் 56 நொடியில் முடிந்துவிட்டது. வாழ்த்துகிறவரின் உதடு நின்ற பிறகும் குரல் தொடர்ந்தது.

காரணம் வெளிச்சம். வளவின் நடுவே திறந்த வானத்தின் வெளிச்சத்தில் போன் நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. அதையே தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனால், இருட்டை ஈடுசெய்யப் பல போன்கள் தாமாகவே 24 படங்களுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு `moov` பகுதியோடு தொலைந்துவிட்டது. கருவி மாதிரியின் வேகத்தை, அதாவது 30 படங்களை, முழு வீடியோவுக்கும் போட்டுவிடுகிறது. ஒலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் ஒவ்வொரு துண்டும் எப்போதும் ஒரே நீளம். ஆகவே ஒலியைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு படத்தைச் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பதிவில் முதல் 14 நிமிடம், அதாவது 840 நொடி, உதடும் குரலும் பிசகாமல் ஒட்டியிருந்தன. அதன்பின் படம் முந்திக்கொண்டே போனது. சரியாக அந்த இடத்தில்தான் எடுத்தவர் வளவிலிருந்து சாமி அறைக்குள் நுழைகிறார். எஞ்சிய ஒலி 520 நொடி, எஞ்சிய படம் 416 நொடி. 520ஐ 416ஆல் வகுத்தால் 1.25. முப்பதை இருபத்துநான்கால் வகுத்தாலும் அதே 1.25 என்பதால் ஊகம் உறுதியாயிற்று. முழு வீடியோவையும் ஒரே அளவில் இழுத்திருந்தால் நன்றாக இருந்த முதல் பகுதியும் கெட்டிருக்கும். அதனால் இரண்டாம் பகுதியை மட்டும் பிரித்து இழுத்தேன். `fixed.mp4` என்ற இடத்தில் உங்கள் மீண்ட கோப்பின் பெயரை இடுங்கள்:

```
ffmpeg -ss 840 -i fixed.mp4 -map 0:v -c copy v2.mp4
ffmpeg -ss 840 -i fixed.mp4 -map 0:a -c copy a2.m4a
ffmpeg -itsscale 1.25 -i v2.mp4 -i a2.m4a -map 0:v -map 1:a -c copy part2.mp4
```

`-c copy` இருப்பதால் படத்தின் தரம் துளியும் குறையாது. பிரிக்கும் இடம் ஒரு நொடி முன்பின்னாக அமையலாம், அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் 840 நொடியையும் இதையும் எந்த எடிட்டிங் செயலியிலும் ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் வீடியோவில் பிசகு தொடக்கத்திலிருந்தே சீராகக் கூடிக்கொண்டு போனால் பிரிக்கத் தேவையில்லை. `untrunc` கட்டளையிலேயே `-sv` சேர்த்தால் அது படத்தை ஒலியின் நீளத்துக்கு இழுத்துவிடும். அப்பத்தா இருண்ட இடத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால், அந்தப் பகுதியில் உதட்டசைவைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

பட்டியலில் `.pending-` கோப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது? போனின் உள் நினைவகத்தில் அழிந்த கோப்பை மீட்பதாகச் சொல்லும் செயலிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இன்றைய போன்களில் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதாலும், அழித்த இடத்தைப் போனே துடைத்துவிடுவதாலும் மிஞ்சுவது ஏதுமில்லை. மெமரி கார்டில் பதிவு செய்திருந்தால் நிலைமை வேறு. கார்டை உடனே கழற்றிவிட்டு, கணினியில் `PhotoRec` கொண்டு தேடலாம்.

இவற்றை நீங்களே செய்ய இயலாமல் காரைக்குடியில் ஒரு கடையில் கொடுப்பதானால், போனைக் கொடுக்க வேண்டாம். `broken.mp4`, மாதிரி வீடியோ இரண்டையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, `untrunc` கொண்டு `moov` பகுதியை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டினால் `FAT32` அமைப்பில் உள்ள பென்டிரைவ் அதை ஏற்காது, முதலில் `exFAT` அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மீண்ட வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை `broken.mp4` உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.