பிளேட்டா, உள்கம்பியா?

"தொடை எலும்பின் கீழ்ப்பகுதி நொறுங்கி லாக்கிங் பிளேட் வைத்தார்கள். பிளேட் அவ்வளவு உறுதியாக இருந்தும் எலும்பு ஏன் கூடவில்லை? உள்ளே கம்பி போட்டிருக்கலாமோ?"

கிருமித் தொற்று இல்லையென்றால், அந்த உறுதியே காரணமாக இருக்கலாம். நொறுங்கிய எலும்பு, கேலஸ் எனும் புது எலும்பு வளர்ந்துதான் கூடும். அதற்குச் சிறு அசைவு வேண்டும். 20 மி.மீ. நீளத்துக்கு நொறுங்கிய இடம் 1 மி.மீ. அசைந்தால் திரிபு, அதாவது அந்த நீளத்தில் அசைவின் பங்கு, 5%தான், கேலஸ் நன்றாகவே வரும். அதே அசைவு 2 மி.மீ. இடைவெளியில் நடந்தால் 50%. அதில் எலும்பு உருவாகாது.

லாக்கிங் பிளேட்டில் திருகுகள் பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும். முறிவை ஒட்டிய துளைகளையும் நிரப்பிவிட்டால் பிளேட் இருக்கும் வெளிப்பக்கம் அசைவே இருக்காது. எக்ஸ்ரேயில் அது தெரியும்: உட்பக்கம் கொஞ்சம் கேலஸ், பிளேட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. அதனால்தான் நொறுங்கிய முறிவில் சில துளைகளைக் காலியாக விடுகிறார்கள். அதையும் அளவோடு செய்ய வேண்டும். மிஞ்சினால் பிளேட் வளையும்.

கம்பி எலும்பின் நடுவில் இருப்பதால் சுமையை எலும்போடு பகிர்கிறது, அசைவும் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கும். ஆனால் முறிவு மூட்டுக்கு மிக அருகில் என்றால் கம்பியின் பூட்டுத் திருகுகளுக்குப் போதிய இடம் இருக்காது. அங்கே நான் பிளேட்டையே தேர்வேன்.