கட்டியைக் கீறாமல் மாத்திரையாலேயே கரைக்க முடியுமா? ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் சில கேள்விகள்

"டாக்டர், வீட்டுக்காரருக்குத் தொடையில் எலுமிச்சை அளவு கட்டி. சுகர் உண்டு. கடையில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டும் வலி குறையவில்லை. இதைவிட ஸ்ட்ராங்கான மாத்திரை எது?"

எந்த மாத்திரையும் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் போய்க் கீறிவிடுங்கள். நடுவில் அமுக்கினால் மெத்தென்று தளும்புகிறதா? அப்படியானால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது. சீழுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் ரத்தத்தில் வரும் மருந்து சுவரோடு நின்றுவிடும். கொஞ்சம் கசிந்து உள்ளே போனாலும் வேலை செய்யாது. கோட்ரைமாக்சசோலையே பாருங்கள். கிருமி தைமிடின் தயாரிக்கவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. சீழிலோ செத்த செல்களிலிருந்து வந்த தைமிடின் ரெடிமேடாகக் கிடக்கிறது!

அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 5 செ.மீ. வரையுள்ள கட்டிகளைக் கீறிவிட்டு, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். அவர்களிலேயே நூற்றுக்கு 69 பேருக்குக் குணமானது. 10 நாள் கிளிண்டாமைசினோ கோட்ரைமாக்சசோலோ சாப்பிட்டவர்களில் அது முறையே 83, 82 ஆனது. ஆக, மாத்திரையால் பலன் உண்டு, ஆனால் பெரும்பங்கு கத்தியுடையது.

சுகர் இருப்பதால் நாள் கடத்தாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், மளமளவெனப் பரவும் சிவப்பு இருந்தால் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கீறும்போது சீழைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள்; என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும்.

"நான் பி.ஃபார்ம் மாணவன். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் வான்கோமைசின் ஊசிதானே? மாத்திரை எடுபடாதே?"

பாதி சரி, தம்பி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி. ரத்தத்தில் பரவியிருந்தால் ஊசிதான். தோல் கட்டிக்குக் கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் மூன்றும் மாத்திரையாகவே கேட்கும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கேட்காது. அந்த மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தையே இந்தக் கிருமி மாற்றி வைத்திருக்கிறது. கிளாவுலனேட்டைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது.

"எனக்கும் அக்குளில் வருஷத்துக்கு மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் கீறுகிறார்கள். எந்த ஆன்டிபயாடிக் நிரந்தரத் தீர்வு?"

உங்களுடையது வேறு கதையாக இருக்கலாம். ஒரே இடத்தில், அதுவும் அக்குளில், திரும்பத் திரும்ப வந்தால் அது வெறும் கிருமிக் கட்டியா என்றே சந்தேகப்பட வேண்டும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்காமல் நான் பெயர் சொல்ல மாட்டேன்.

"டாக்டர், தொடைக்கட்டி கேட்டவள்தான். கீறியாச்சு, அன்றிரவே நன்றாகத் தூங்கினார். கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. எரித்ரோமைசின் கேட்காதாம், மற்ற மூன்றும் கேட்குமாம். பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார். கடையில் கோட்ரைமாக்சசோல் தரட்டுமா என்கிறார்கள்."

டெல்மிசார்டானும் கோட்ரைமாக்சசோலும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். சுகரால் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. எரித்ரோமைசின் கேட்காதபோது, அது பட்டால் கிருமி கிளிண்டாமைசினுக்கும் அடங்காமல் போகிறதா என்று காட்டும் 'டி டெஸ்ட்' பார்க்காமல் கிளிண்டாமைசினையும் நம்ப மாட்டேன். ரிப்போர்ட்டில் கேட்கும் என்றிருந்தாலும் பாதியில் கைவிடக்கூடும். நானாக இருந்தால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை எழுதுவேன். ஆனால் கீறிய மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

அப்புறம், புண்ணுக்குள் துணித்திரி வைத்தார்களா? சின்னக் கட்டிக்கு அது வலியைத்தான் கூட்டுகிறது என்பது என் கட்சி. எலுமிச்சை அளவுக்கு வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.