5ஜியை ஆஃப் பண்ணுவது எப்போது உதவும்: குலசேகரத்து அடுக்களையில் பார்த்தது

கேள்வி: 5ஜியை ஆஃப் பண்ணி 4ஜியில் போட்டால் சார்ஜ் நிற்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையிலேயே பயன் இருக்கிறதா?

உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் இருக்கும் இடத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது, இல்லையென்றால் போன் நாள் முழுக்க வைஃபையில் கிடக்கிறது. இந்த இரண்டிலும் மாற்றிப் போட்டுப் பெரிய லாபமில்லை. லாபம் இருப்பது 5ஜி எட்டியும் எட்டாமலும் இருக்கும் இடத்தில். அப்படி ஒரு இடம்தான் எங்கள் அம்மாவின் வீடு.

நான் இருப்பது நாகர்கோவிலில். அம்மா இருப்பது குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர் தோட்டம். புதிதாக ஒரு 5ஜி போன் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் ஆகவில்லை, "மக்களே, இது ஒண்ணுக்கும் கொள்ளாது, காலையில நிறைய சார்ஜ் போட்டாலும் மத்தியானம் பாதிதான் கெடக்கு, நான் யாருகிட்டயும் பேசவும் இல்ல" என்று அழைத்துச் சொன்னார். பேட்டரிதான் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் அதே போன், அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியபோது, ராத்திரி வரை தாராளமாக நின்றது. அப்போதுதான் போனை விட்டுவிட்டு இடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அங்கே போனதும் முதலில் `Settings > Battery` திறந்து எது அதிகம் தின்கிறது என்று பார்த்தேன். பட்டியலில் மேலே இருந்தது எந்த ஆப்பும் இல்லை, `Mobile network`. திரையைத் தொடாத போனில் இது மேலே வந்து நின்றால் டவரோடு பேசும் ரேடியோதான் வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அம்மா போனை வைப்பது அடுக்களை அலமாரியில். அங்கே நின்று பத்து நிமிடம் மேலே உள்ள அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்: 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி, மறுபடி 4ஜி என்று தாவிக்கொண்டே இருந்தது.

அப்புறம் `About phone > SIM status` என்ற இடத்தில் `Signal strength` பார்த்தேன் (எல்லா போனிலும் இதே பெயரில் இருக்காது, ஆனால் பக்கத்தில்தான் இருக்கும்). முன் திண்ணையில் -97, அடுக்களையில் -118. இது மைனஸ் எண், பூஜ்யத்தை விட்டு விலக விலக சிக்னல் மோசம். ஒவ்வொரு 10 குறையும்போதும் வந்து சேரும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. அப்படியென்றால் திண்ணையிலிருந்து அடுக்களைக்கு நடந்த பத்தடியில் சிக்னல் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. டவருக்குத் தன் குரல் கேட்க வேண்டுமென்றால் போன் அந்த அளவுக்குக் கத்த வேண்டும், பேட்டரி போவது அந்தக் கத்தலில்தான். கூடவே தாவல் வேறு. 4ஜியை நம்பாமல் தனியாக ஓடும் 5ஜி என்றால், 4ஜிக்கு இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் போன் நெட்வொர்க்கிடம் மறுபடி தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தூங்க வேண்டிய மோடம் சும்மா சும்மா எழுந்திருக்கிறது.

அதே அலமாரியில் போனை 4ஜிக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால் -103. எண் ஏறியதுமே தெரிந்துவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, வைஃபை இல்லாமல், யாரும் தொடாமல் வைத்துப் பார்த்தோம். 5ஜியில் 17 சதவீதம் இறங்கியது. மறுநாள் 4ஜியில் 7. அடுத்த இரண்டு இரவும் அதையே திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். என் நாகர்கோவில் வீட்டில் இதே சோதனையைச் செய்தபோது இரண்டிலும் 5 சதவீதம், மாற்றமே இல்லை.

உங்களுக்கு வித்தியாசம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இது பலருக்கும் தெரியாது. 5ஜியில் இரண்டு வகை உண்டு. ஒன்று தனியாக நிற்பது. இன்னொன்று 4ஜியின் மேல் சாய்ந்து நிற்பது. இந்த இரண்டாவது வகையில் போன் சும்மா கிடக்கும்போது 4ஜியில்தான் இருக்கும், மேலே 5ஜி என்று காட்டுவது "இங்கே 5ஜி கிடைக்கும்" என்று டவர் சொல்வதை வைத்துத்தான். டேட்டா ஓடும்போதுதான் 5ஜி ரேடியோ சேர்ந்துகொள்ளும், அப்போது 4ஜி, 5ஜி இரண்டும் ஒன்றாக விழித்திருக்கும். உங்கள் நெட்வொர்க் இந்த வகை என்றால் ராத்திரி சோதனையில் ஒன்றும் தெரியாது. வெளியே போய் மேப், ஹாட்ஸ்பாட், வீடியோ என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்கு பஸ் ஏறும்போது மட்டும் 4ஜிக்கு மாற்றிக்கொள்வேன், வழியெல்லாம் 5ஜி வந்து வந்து போவதால்.

மாற்றும் இடம் ஆண்ட்ராய்டில் சிம் செட்டிங்கில் உள்ள `Preferred network type`, அதில் 4ஜிக்கான `LTE` தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் அது `Network mode` என்று இருக்கும், `LTE/3G/2G (auto connect)` என்பதை எடுங்கள். ஐபோனில் `Voice & Data`. அங்கே `5G Auto` இருந்தால் முதலில் அதையே வைத்துப் பாருங்கள், 5ஜியால் பெரிய பயன் இல்லாதபோது போன் தானே 4ஜிக்கு இறங்கிக்கொள்ளும்.

மாற்றுவதற்கு முன் உங்கள் ரீசார்ஜ் பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பிளான்களில் வரம்பில்லாத டேட்டா 5ஜிக்கு மட்டும்தான், 4ஜியில் போட்டால் தினசரி டேட்டாவில் கழியும். என் அண்ணன் மகன் சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று மாற்றிவிட்டு, சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்து நின்றான். பெரிய பைல் இறக்குவதென்றாலும், சிக்னல் நன்றாக இருந்தால் 5ஜியிலேயே விடுங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் ரேடியோவும் சீக்கிரம் தூங்கப் போகும், 4ஜியில் இழுத்துக்கொண்டே இருந்தால் அவ்வளவு நேரமும் விழித்திருக்க வேண்டும்.

சரி, 4ஜிக்கு மாற்றிய பிறகும் எண் -115 பக்கத்திலேயே நின்றால்? பேச்சிப்பாறைக்கு மேலே போனால் அப்படித்தான் இருக்கும், அங்கே 4ஜிக்கும் போன் கத்தத்தான் செய்யும். அந்த இடத்தில் இந்த செட்டிங் உதவாது. வைஃபை இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து, வைஃபை காலிங்கில் பேசலாம். சிக்னலே கிடைக்காத இரண்டாவது சிம் ஒன்று போனில் கிடந்தால் அதையும் அணைத்து வையுங்கள், அது டவர் தேடியே பேட்டரியைத் தின்னும்.

அம்மாவிடம் போனைத் திண்ணைப் பக்க ஜன்னலில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன், அங்கே 5ஜியிலேயே நன்றாக நின்றது. ஆனால் அடுக்களையில் நிற்கும்போது ரிங் கேட்கவில்லை என்றார். அதனால் அலமாரியிலேயே, 4ஜியில் விட்டுவிட்டு வந்தேன்.