ரெக்கமெண்டேஷன் லெட்டர்ல குறையையும் எழுதணுமா?

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில என் டீம் பொண்ணு ரிசைன் பண்ணி கேஎல் போறாங்க. வேலை நல்லா செய்வாங்க, ரிப்போர்ட் மட்டும் எப்பவும் லேட். லெட்டர்ல அதையும் எழுதணுமா? நான் எழுதினது ரொம்ப பொதுவா இருக்குன்னு எச்ஆர் திருப்பிட்டாங்க."

எழுத வேண்டாம். ஆனா "டைமுக்கு முடிப்பார்"னும் எழுதிடாதீங்க, புது மேனேஜர் போன் பண்ணி கேட்டா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

திரும்பி வந்ததுக்கு காரணம் அனேகமா "கடின உழைப்பாளி, பொறுப்பானவர்" மாதிரி வார்த்தைங்கதான். அதுக்கு பதிலா ஒரே ஒரு சம்பவம், என்ன பிரச்சினை, அவங்க என்ன செஞ்சாங்க, என்ன மாறுச்சுன்னு எழுதுங்க. உதாரணத்துக்கு, சோல்டரிங் லைன்ல ரிஜெக்ட் ஏறினப்போ ஷிஃப்ட் வாரியா ரெக்கார்ட பிரிச்சுப் பார்த்து, நைட் ஷிஃப்ட்ல ஸ்டென்சில் கிளீன் பண்றது விட்டுப்போகுதுன்னு கண்டுபிடிச்சு, ஆபரேட்டர்ங்க கூடவே நின்னு பழக்கினாங்க, ரிஜெக்ட் இறங்குச்சு. இப்படி ஒண்ணு பத்து பாராட்டுக்கு மேல.

எழுதி முடிச்சதும் அவங்க பேர மறைச்சிட்டு படிங்க, டீம்ல இன்னொருத்தருக்கும் அப்படியே பொருந்துச்சுன்னா இன்னும் பொதுவாதான் இருக்கு.

ஒண்ணு மட்டும், ரிஜெக்ட் சதவீதம், கஸ்டமர் பேரு இதெல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்ல போடறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட கேட்டுக்குங்க.