செயலி முடியும் முன்பே ஊருக்குக் காட்டலாமா?

“நீடாமங்கலம் பக்கத்தில் நானும் என் மாமா மகனும் சேர்ந்து, அறுப்பு மெஷினை போனிலேயே பதிவு செய்துகொள்ள ஒரு செயலி செய்கிறோம். பாதி வேலை முடிந்திருக்கிறது. தை மாதச் சம்பா அறுப்புக்கு வெளியிட ஆசை. ‘பில்ட் இன் பப்ளிக்’ என்று வேலை நடக்கும்போதே எல்லாவற்றையும் வெளியில் பகிரச் சொல்கிறார்கள். எங்கே, எதைப் பகிர்வது? வேறு யாராவது காப்பி அடித்துவிட்டால்?”

பகிருங்கள். ஆனால் உங்களுக்கு ‘பப்ளிக்’ யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் இதில் ஒருமுறை நன்றாக அடிபட்டவன். பாய் நாற்றங்கால் நாற்றுக்கு முன்பதிவு வாங்கும் ஒரு சேவையைத் தொடங்கும்போது, வாரா வாரம் லிங்க்ட்இன்னிலும் ட்விட்டரிலும் எழுதினேன். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் மென்பொருள்காரர்கள் பாராட்டித் தள்ளினார்கள். நானூறு பேருக்கு மேல் பெயர் பதிந்தார்கள். நடவு வந்தபோது அவர்களில் வயல் வைத்திருந்தவர்கள் பதினோரு பேர்.

அப்படிப் பகிர்வது மென்பொருள்காரர்களுக்காக மென்பொருள் செய்பவர்களுக்குச் சரியாக வரும். சமூக ஊடகப் பதிவுகளைத் திட்டமிட உதவும் பஃபர் 2010-இல் அப்படித்தான் தொடங்கியது. அதன் நிறுவனர் ஜோயல் காஸ்கோய்ன் செயலியை எழுதும் முன்பே ஒரு விளக்கப் பக்கத்தை ட்விட்டரில் பகிர்ந்தார். அதில் யாராவது தட்டினால் ‘இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சல் கொடுங்கள்’ என்று வரும். பிறகு அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு விலைப் பக்கத்தைச் செருகினார். விலையைப் பார்த்த பிறகும் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டிய பதில். அவருடைய வாடிக்கையாளர்கள் ட்விட்டரில் இருந்தார்கள். உங்களுடையவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இப்போது ஐப்பசி. குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு, மழைக்குத் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்திருக்கிறார்களே, அவர்கள்தான் உங்கள் பப்ளிக். ஒரு மாதம் முன்புதான் மெஷினுக்கு அலைந்திருப்பார்கள், அந்த வலி இன்னும் ஆறியிருக்காது. அங்கே போய் பேசுங்கள். பேசியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். ஐம்பது பேர் போதும். அதற்கு மேல் போனால் காலை வணக்கப் படங்களில் உங்கள் கேள்வி மூழ்கிவிடும்.

அந்தக் குழுவில் வாரம் ஒரு பதிவு, அதில் ஒரே ஒரு கேள்வி. ‘வேலை அறுபது சதவீதம் முடிந்தது’ என்று போடாதீர்கள். அதற்குக் கைகூப்புவதைத் தவிர யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பதிவு செய்யும் திரையின் படத்தைப் போட்டு, ‘போன குறுவைக்கு நீங்கள் மெஷின் பிடித்ததை இதில் நிரப்பிப் பாருங்கள், எங்கே முட்டுகிறது?’ என்று கேளுங்கள். எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும். குரலில்தான் உண்மையான குறை வரும்.

உங்கள் திரையில் என்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: எத்தனை ஏக்கர், எந்தத் தேதி, பெல்ட் வண்டியா டயர் வண்டியா. முதல் வாரமே ஒரு பெரியவர், ‘எனக்கு ஆறு மா தம்பி, இதில் எப்படிப் போடுவது?’ என்பார். ஒரு மா என்பது 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. ஏக்கர் கேட்கும் பெட்டியில் அவர் ஆறு என்று போட்டால், இரண்டு ஏக்கருக்கு மூன்று மடங்கு நேரம் ஒதுக்கி வண்டிக்காரரைக் கூப்பிடுவீர்கள். இது சின்னக் குறை, ஒரு மாலையில் திருத்திவிடலாம்.

இரண்டாவது வாரம் வருவது பெரியது. ‘தேதியை நான் எப்படிச் சொல்வது? முன் வயல்காரர் அறுத்தால்தானே என் வயலுக்கு வண்டி இறங்கும்?’ நம் பக்கத்தில் பல வயல்களுக்குத் தனிப் பாதை கிடையாது. அடுத்தவர் வயலில் நெல் நிற்கும்போது அதன் மேல் வண்டியை ஓட்ட முடியாது. தவிர, இரண்டு ஏக்கருக்காக மட்டும் லாரியில் வண்டியை ஏற்றிவர எந்த உரிமையாளரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே இங்கே பதிவு செய்வது ஒரு விவசாயி அல்ல, ஒரு வாய்க்கால் பாசனத்தில் வரிசையாக இருக்கும் வயல்கள். இது தெரிந்ததும் செயலியின் அடிப்படையே மாறுகிறது. தேதி கேட்கும் பெட்டி போய், ‘எந்த வாய்க்கால், முன் வயல் யாருடையது’ என்ற கேள்வி வரவேண்டும். தை மாதத்தில் வண்டி கரையில் நிற்கும்போது தெரியவேண்டியது ஐப்பசியிலேயே தெரிந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் வெளியில் காட்டுவதன் பலன் இதுதான்.

பதில்களை எடைபோடவும் இதுவே உதவும். ‘நல்ல முயற்சி தம்பி’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது வாரம், ‘உங்கள் வாய்க்காலில் சேர்ந்தாற்போல் இருபது மா சேர்த்துத் தர முடியுமா? பெயர்களை அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். ஐம்பது பேரில் நான்கு பேர் பக்கத்து வயல்காரர்களைக் கூட்டிவந்தால் நான்கு வேலி, ஏறக்குறைய 27 ஏக்கர் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலோடு போனால் வண்டி உரிமையாளர் உட்கார்ந்து பேசுவார். ஒருவரும் கூட்டிவரவில்லை என்றால் குழுவில் எத்தனை பாராட்டு வந்திருந்தாலும் தேவை இன்னும் நிரூபணமாகவில்லை. வண்டி உறுதியாகும் வரை முன்பணம் வாங்காதீர்கள். கிராமத்தில் ஒரு முறை பணப் பேச்சு கெட்டால் அடுத்த போகம் உள்ளே நுழைய முடியாது.

காப்பி பற்றி. திரையையும் யோசனையையும் யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். அந்த நான்கு வாய்க்கால்களின் நம்பிக்கையைப் பார்த்துச் செய்ய முடியாது. ஆனால் சிலவற்றை மறைத்தே வைக்க வேண்டும்: எந்த உரிமையாளரோடு என்ன வாடகைக்குப் பேசினீர்கள், அவர்களுடைய எண்கள், எந்த விவசாயிக்கு எவ்வளவு நிலம். திரையின் படத்தைப் போடும்போது கைபேசி எண் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மெஷின் பிடித்துத் தரும் தரகருக்கு அந்த ஒரு படம் போதும். செயலிக்கு வைத்த பெயரை அறிவிக்கும் முன் வணிகக்குறிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நாளைக்கு வண்டியில் பொருத்தும் கருவி ஏதாவது செய்தால் மட்டும் இந்தப் பகிர்தல் முறை பொருந்தாது. காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பமாவது போடும் முன் அதைப் பொதுவில் காட்டினால், புதுமை என்ற தகுதியே போய்விடும்.

வெளியீட்டுத் தேதியையும் முன்கூட்டி அறிவிக்காதீர்கள். ‘எந்த வாய்க்கால் முதலில் பழுக்கிறதோ அங்கே தொடங்குகிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். அறுப்பு தொடங்கியபின் ஒரு வண்டியாவது சேற்றில் இறங்கி நிற்கும், அல்லது சொன்ன நாளுக்கு வராது. அன்று இரவே அதைக் குழுவில் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தாமதம், ஏன், காத்திருந்தவருக்கு என்ன செய்தீர்கள், அடுத்த வயலுக்கு வண்டி எப்போது இறங்கும். வரிசையில் அடுத்து நிற்பவர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மறுநாள் காலை தரகரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.